பழைய புகைப்படத்தின் சேதத்தைப் பார்த்து எழுதுவது: ஒரு மதிப்பீட்டின் செய்முறை

பழைய பிரிண்ட் ஒன்றை மொபைலில் படம் எடுத்து அனுப்பி, "இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து "நிறைய கிழிசல், கொஞ்சம் மங்கல், பூஞ்சை இருக்கிறது" என்று குறித்துக்கொண்டால் அதிலிருந்து எந்த மணிக்கணக்கும் வராது. வேலை நேரத்தைத் தீர்மானிப்பது சேதத்தின் அளவைவிட, அது எதன்மேல் விழுந்திருக்கிறது, அதன் அடியில் பிம்பம் மிச்சம் இருக்கிறதா என்ற இரண்டும்தான். பின்னணித் திரைச்சீலையின் குறுக்கே பத்து சென்டிமீட்டர் கிழிந்திருந்தால் அரை மணியில் முடியும். கண்ணின் கருவிழிமேல் அரை மில்லிமீட்டர் உரிந்திருந்தால் அரை நாள் போகும். சேதக் குறிப்பு இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ பிரிண்ட். 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், தடித்த அட்டையில் ஒட்டியது, ஐந்து பேர் கொண்ட குழுப்படம். இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவர் பின்னால் நிற்கிறார்கள். கேட்கப்படுவது ஸ்கேன் செய்து திரையில் சரிசெய்யும் வேலை. காகிதத்தையே ஒட்டிச் சுத்தம் செய்வது வேறு கைகளின் வேலை. ஆனால் அது தேவைப்படுமா என்பதையும் இதே குறிப்பிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

முதல் படம் எதையெல்லாம் மறைக்கிறது

முதலில் வரும் படம் பெரும்பாலும் ஃபிரேமிலிருந்து எடுக்காமல், கண்ணாடியோடு, அறை விளக்கின் கீழ் எடுத்ததாக இருக்கும். அதில் மூன்று சிக்கல்கள். மொபைல் கேமரா வண்ணத்தைத் தானே சமன்செய்யும், அதனால் மஞ்சளேறிய பிரிண்ட் ஓரளவு சாம்பல் நிறமாகத் தெரியும். அது கான்ட்ராஸ்டையும் தானே தூக்கிவிடும், அதனால் மங்கல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். கண்ணாடிமேல் இருக்கும் தூசியும் பிரதிபலிப்பும் பிரிண்டின்மேல் இருக்கும் கறையைப் போலவே தெரியும்.

ஆகவே எதையும் எழுதுவதற்கு முன் நான்கு படங்கள் கேட்க வேண்டும். நேர் எதிரே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னலோரப் பரவிய வெளிச்சத்தில் ஒன்று. அதில் பிரிண்டின் பக்கத்திலேயே ஒரு ஸ்கேலும் ஒரு வெள்ளைத் தாளும் இருக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழும்படி இரண்டாவது. அதே வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழும்படி மூன்றாவது. பின்புறம் நான்காவது. கேமராவை ஒட்டிப் பிடிக்காமல் சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொன்னால் ஓரங்கள் வளையாது.

ஃபிரேமிலிருந்து எடுக்கச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா? ஒட்டிய இடம் ஈரம் பட்டதுபோல் கருமையாக, ஒழுங்கற்ற தீவு வடிவில் தெரியும். சுற்றியுள்ள இடம் சற்று வெளிறியிருக்கும். பிம்பத்தைத் தாங்கும் ஜெலட்டின் அடுக்கு ஈரப்பதத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டதன் அடையாளம் அது. இழுத்தால் பிம்பம் கண்ணாடியோடு போய்விடும். அப்படித் தெரிந்தால் ஃபிரேமைத் திறக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம் என்று அன்றே பதில் அனுப்பிவிடுவது நல்லது. ஒரு நாள் தாமதித்தால், நல்ல படம் எடுத்துத் தரவேண்டும் என்ற ஆர்வத்திலேயே யாராவது பிரித்துவிடுவார்கள். இந்தப் பிரிண்டில் ஒட்டவில்லை, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அட்டை விளிம்பு இருந்தது.

கண்ணாடியோடு எடுத்த படத்தில் ஒரு புள்ளி எந்த அடுக்கில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கேமராவைச் சற்று இடமும் வலமும் நகர்த்தி இரண்டு படம் எடுக்கச் சொன்னால் போதும். கண்ணாடிமேல் இருக்கும் புள்ளி முகத்தைவிட்டு நகரும். பிரிண்டில் இருக்கும் புள்ளி அதே இடத்தில் நிற்கும்.

அளவு எடுப்பது

குறிப்பில் வரும் அளவுகளெல்லாம் படத்திலிருக்கும் ஸ்கேலிலிருந்து வருபவை. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் பிரிண்ட் 3200 பிக்சலை நிரப்புகிறது, பிரிண்டின் அகலம் 20 செ.மீ., ஆக ஒரு செ.மீ.க்கு 160 பிக்சல். ஸ்கேலை இடது ஓரத்தில் அளந்தாலும் வலது ஓரத்தில் அளந்தாலும் இதே எண் வர வேண்டும். ஒரு பக்கம் 160, மறுபக்கம் 150 என்று வந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தில் எடுக்கும் அளவுகளை "ஏறத்தாழ" என்றுதான் எழுதலாம்.

இந்த எண் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: படத்தில் எதைப் பார்க்க முடியாது என்பதை. 0.1 மி.மீ. விரிசல் இங்கே ஒன்றரைப் பிக்சல்தான். அது தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆகவே "விரிசல் இல்லை" என்று எழுதுவதற்கு இந்தப் படத்தில் ஆதாரம் கிடையாது. "இந்தப் படத்தில் விரிசல் தெரியவில்லை, ஸ்கேனில் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதலாம்.

இடம் குறிக்கும்போது இடது வலது குழப்பம் தவறாமல் வரும். பார்ப்பவரின் இடதா, படத்தில் இருப்பவரின் இடதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் குறிப்பில் எல்லாம் பார்ப்பவரின் பக்கம். ஆட்களுக்கு நி1, நி2, நி3 என்று நிற்பவர்களையும், உ1, உ2 என்று உட்கார்ந்தவர்களையும் இடமிருந்து எண் கொடுத்துவிட்டால் பிறகு எழுதுவது சுலபம்.

கிழிசல்

மேல் விளிம்பில், இடது ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளித் தொடங்கி 6.2 செ.மீ. கீழே இறங்கும் ஒரே கிழிசல். இதை ஒரு நீளமாக எழுதினால் பயனில்லை. கடந்துபோகும் இடங்களை வைத்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்: முதல் 3.1 செ.மீ. வெறும் திரைச்சீலை, அடுத்த 1.8 செ.மீ. நி2-இன் முகம், கடைசி 1.3 செ.மீ. கழுத்தும் காலரும்.

ஒவ்வொரு பகுதியிலும் பார்க்க வேண்டியது வெள்ளை உதடு. காகிதம் கிழியும்போது நேர்க்குத்தாகக் கிழியாது, சாய்வாகக் கிழியும். அதனால் ஒரு பக்கத்தில் பிம்ப அடுக்கு உரிந்து காகித நார் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். அந்தப் பட்டையின் அகலம்தான் இழந்த பிம்பத்தின் அகலம். இங்கே திரைச்சீலைப் பகுதியில் 1.5 மி.மீ., முகத்தில் 0.5 மி.மீ., காலரில் வெறும் கோடு.

பட்டையின் பக்கத்தில் ஒரு கருங்கோடு தெரிந்தால் அதை உடனே சேதமாக எழுதிவிடக் கூடாது. தூக்கிநிற்கும் விளிம்பின் நிழலாக இருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்: கோடு பக்கம் மாறினால் நிழல், மாறாவிட்டால் அழுக்கு படிந்த விளிம்பு. நிழலை ஸ்கேனரே பெருமளவு போக்கிவிடும், அதற்கு மணிக்கணக்கு போட வேண்டாம்.

இன்னொரு கண்கட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்புகள். ஏறியிருந்தால் கிழிசல் மெல்லிய கோடாக, அழகாகவே தெரியும்; ஆனால் அடியில் பிம்பம் ஒளிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க, கிழிசலைக் கடந்துசெல்லும் ஒரு கோட்டைப் பின்தொடர வேண்டும். இந்தப் படத்தில் காலரின் விளிம்பு கிழிசலின் இருபுறமும் சந்திக்கவில்லை, ஒரு மில்லிமீட்டர் அளவு படியாக விலகி நிற்கிறது. ஆக இங்கே ஏறியிருக்கிறது. இது நல்ல செய்தி: பிம்பம் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. ஒட்டாத விளிம்பை யாராவது பக்குவமாக இறக்கிவைத்து ஸ்கேன் செய்தால், காலரைப் புதிதாக வரைய வேண்டியிருக்காது. அட்டையோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. பின்புறப் படத்தைப் பார்த்தால் அட்டையிலும் அதே இடத்தில் மடிப்பு தெரிகிறது. அட்டை முறிந்து, அதோடு பிரிண்டும் கிழிந்திருக்கிறது. செலோடேப் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதன் பசை ஏறிய பழுப்புப் பட்டையைத் தனிச் சேதமாகவே எழுத வேண்டியிருக்கும்.

இப்போது முகம். நி2-இன் முக உயரம் 1.8 செ.மீ., அகலம் சுமார் 1.3 செ.மீ. கண்ணின் அகலம் முகத்தின் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 2.6 மி.மீ., அதாவது இந்தப் படத்தில் 42 பிக்சல். கருவிழி 17 பிக்சல் சொச்சம். கிழிசலின் வெள்ளைப் பட்டை 8 பிக்சல். அது இடது கண்ணின் நடுவே செல்கிறது. கருவிழியில் பாதி போயிருக்கிறது, மீதிப் பாதியில், விளக்கின் பிரதிபலிப்பாகக் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி மிஞ்சியிருக்கிறதா என்பதை இந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அங்குலத்துக்கு 1200 பிக்சல், அதாவது 1200 பிபிஐ ஸ்கேனில் அதே கண் 120 பிக்சலுக்கு மேல் வரும், அப்போது தெரியும். இதற்காகத்தான் முகப் பகுதிக்கு ஒற்றை எண் கொடுக்காமல் வீச்சு கொடுப்பது: ஒளிப்புள்ளி இருந்தால் 1.5 மணி, இல்லாவிட்டால் மறுகண்ணிலிருந்து எடுத்துத் திருப்பிப் பொருத்தி, பார்வைத் திசையைச் சரிபார்த்து, 3 மணி. அதே ஆளின் வேறு படம் கிடைத்தால் அது பெரிய உதவி. குறிப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

மங்கல்

"நன்றாக மங்கியிருக்கிறது" என்ற சொல்லுக்குப் பதில் மூன்று எண்கள் வேண்டும். நேர்ப்படத்தை ஏதாவது ஒரு எடிட்டரில் திறந்து, வண்ணத்தை எடுத்துப் பார்க்கும் கருவியால் 0 முதல் 255 வரையிலான அளவில் படிக்க வேண்டும். பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் 228. பிரிண்டின் மிக வெளிச்சமான இடமான நி3-இன் வெள்ளை உடை 209. மிகக் கருமையான இடமான உ1-இன் கோட் 88. வெள்ளைத் தாள் அருகில் இருப்பதால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் வருகிறது. அது இல்லாமல் 209 என்பது கேமராவின் விருப்பத்தைத்தான் காட்டும்.

பிறகு ஃபிரேமின் விளிம்பு மூடியிருந்த ஓரத்தைத் தேட வேண்டும். இந்தப் பிரிண்டில் இடது ஓரத்தில் 1 செ.மீ. பட்டை அப்படி மூடியிருந்தது. கோட்டின் கை அந்தப் பட்டைக்குள் நுழையும் இடத்தில் அளவு 52, வெளியே அதே துணி 88. பிரிண்ட் முதலில் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சரிசெய்யும்போது கான்ட்ராஸ்டை எவ்வளவு தூக்குவது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் கருமையை மீட்பது மங்கலின் சுலபமான பாதி. கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் பிம்பம் வெள்ளித் துகள்களால் ஆனது. அந்த வெள்ளிப் பிம்பம் சிதையும்போது முதலில் கரைவது வெளிச்சமான இடங்களின் நுண்ணிய விவரம், ஏனென்றால் அங்கே வெள்ளியே குறைவு. நி3-இன் வெள்ளை உடையில் மடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க, இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் இந்தக் கட்டளையால் படத்தின் வண்ணச் சேனல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

```
magick print.jpg -separate ch_%d.png
```

`ch_0.png` சிவப்பு, `ch_1.png` பச்சை, `ch_2.png` நீலம். மங்கிய வெள்ளிப் பிம்பம் மஞ்சள் பழுப்பாக மாறியிருக்கும், மஞ்சள் நீல ஒளியை விழுங்கும், அதனால் மங்கிய விவரம் நீலச் சேனலில்தான் அதிகம் தெரியும். இங்கே உடையின் மடிப்புகள் நீலச் சேனலில் தெரிகின்றன, மீட்கலாம். நி3-இன் மூக்கு விளிம்பும் வலது கன்னமும் மூன்று சேனலிலும் ஒரே தட்டையாக இருக்கின்றன. அங்கே எவ்வளவு கான்ட்ராஸ்ட் ஏற்றினாலும் எதுவும் வராது. குறிப்பில் "விவரம் இல்லை" என்று வெளிப்படையாக எழுதி, அங்கே செய்வது ஊகித்து வரைதல் என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மொபைல் ஜேபெக் படங்களில் நீலச் சேனல் இரைச்சலும் கட்டங்களுமாக இருக்கும். எட்டு பிக்சல் சதுரங்களாகத் தெரிவது பிரிண்டின் சேதம் கிடையாது.

கறை

வலது கீழ் மூலையில் தண்ணீர்க் கறை: கீழ் விளிம்பில் 5.5 செ.மீ., மேல்நோக்கி 4 செ.மீ., வளைந்த ஓரத்தில் 2 மி.மீ. அகலப் பழுப்புக் கோடு. தண்ணீர் உலரும்போது காகிதத்திலும் அட்டையிலும் உள்ள அழுக்கை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போவதால்தான் ஓரம் அடர்ந்து, உள்ளே வெளிறி இருக்கிறது.

கறைக்கு நீலச் சேனலை விட்டுவிட்டுச் சிவப்புச் சேனலைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மஞ்சளும் பழுப்பும் சிவப்பு ஒளியில் ஏறக்குறைய மறைந்துவிடும். இங்கே சிவப்புச் சேனலில் கறையின் உட்பகுதி காணாமல் போகிறது, உ2-இன் உடையும் நாற்காலிக் காலும் முழுதாகத் தெரிகின்றன. ஓரக்கோடு மட்டும் இலேசாக மிஞ்சுகிறது. ஆக பிம்பம் பத்திரம், நிறம்தான் கெட்டிருக்கிறது. பார்வைக்குப் பயமுறுத்தும் இந்தக் கறைக்கு ஒரு மணி போதும். பார்த்த மாத்திரத்தில் எழுதினால் இதற்கு மூன்று மணி போட்டுவிடத் தோன்றும்.

சிவப்புச் சேனலிலும் கறை அப்படியே நின்றால் மசியோ, அழுக்கோ, உரிந்த இடமோ இருக்கும். கைவண்ணம் தீட்டிய பிரிண்டுகளுக்கு இந்தச் சோதனையே உதவாது. தீட்டிய நிறமும் கறையோடு சேர்ந்து மறைந்துவிடும்.

பூஞ்சை

உ1-இன் கோட்டில் 3 செ.மீ. x 2.5 செ.மீ. பரப்பில் வெளிறிய புள்ளிகள், 0.5 முதல் 2 மி.மீ. வரை, முப்பது நாற்பது இருக்கும். இவற்றை நேரே "பூஞ்சை" என்று எழுதுவதற்கு முன் வேறு இரண்டு சாத்தியங்களைக் கழிக்க வேண்டும். ஒன்று வெள்ளிப் பளபளப்பு: பழைய வெள்ளிப் பிரிண்டுகளின் கருமையான இடங்களில், அதிகமும் ஓரங்களில், நீலங்கலந்த உலோகப் பூச்சாகத் தெரியும். வெளிச்சத்தின் திசையை மாற்றினால் அது தோன்றி மறையும். இரண்டாவது காகிதத்தின் செம்பழுப்புப் புள்ளிகள்: இவை தட்டையானவை, விளிம்பு கலங்கியவை, வெளிச்சமான இடங்களில்தான் எடுப்பாகத் தெரியும்.

இங்கே புள்ளிகள் இரண்டு பக்கவாட்டுப் படங்களிலும் அதே இடத்தில் நிற்கின்றன. சிலவற்றுக்குக் குட்டி நிழல் விழுகிறது, அவை மேற்பரப்பில் எழும்பி இருப்பவை. மற்றவை நிழல் இல்லாமல், சுற்றியுள்ள மினுமினுப்புக்கு நடுவே மங்கலான வட்டங்களாக இருக்கின்றன. பூஞ்சை ஜெலட்டினைத் தின்ற இடங்கள் அவை. பெரிதாக்கினால் ஓரத்தில் இழை இழையாகக் கிளைகள் தெரிகின்றன. எழும்பியவை சுத்தம் செய்தால் போகக்கூடும், அடியில் பிம்பம் இருக்கலாம். தின்ற இடங்கள் போனவை போனவைதான். இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. தொலைபேசியில் கேட்க வேண்டும்: பொசுபொசுவென்று இருக்கிறதா, காய்ந்த பொடியாக இருக்கிறதா, மக்கிய வாடை வருகிறதா? எந்தப் பதிலாக இருந்தாலும் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்பதை அதே அழைப்பில் சொல்லிவிட வேண்டும். பூஞ்சை தாக்கிய ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும், ஒரே துடைப்பில் கோட்டின் துணியும் கையோடு வந்துவிடும். பிரிண்டை மற்றப் படங்களிலிருந்து பிரித்து, காகித உறையில், ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே நின்று பூஞ்சையை வளர்க்கும். பொசுபொசுவென்று இருந்தால் ஸ்கேனர் கண்ணாடிமேல் வைக்கவும் கூடாது; மேலிருந்து கேமராவில்தான் எடுக்க வேண்டும்.

சரிசெய்யும் கோணத்தில் பார்த்தால் இந்தப் புள்ளிகள் விழுந்த இடம் அதிர்ஷ்டம்: கருமையான, விவரம் குறைந்த துணி. கோட்டின் பொத்தான்மேல் விழுந்த நான்கைத் தவிர மற்றதெல்லாம் அக்கம்பக்கத் துணியை எடுத்து மூடும் வேலைதான்.

எழுதி அனுப்பும் குறிப்பு

மேலே சொன்னதெல்லாம் சுருங்கி இப்படி நிற்கும். ஒவ்வொரு வரியிலும் இடம், அளவு, எதன்மேல், அடியில் என்ன மிச்சம், எவ்வளவு உறுதி என்ற ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

> வெள்ளி ஜெலட்டின் பிரிண்டாகத் தெரிகிறது, 20 x 15 செ.மீ., அட்டையில் ஒட்டியது. இடது வலது பார்ப்பவரின் பக்கம். மொபைல் படங்களைப் பார்த்து எழுதியது.
>
> கிழிசல்: மேல் விளிம்பில் இடமிருந்து 8 செ.மீ.யில் தொடங்கி 6.2 செ.மீ. திரைச்சீலையில் 3.1 செ.மீ., 1.5 மி.மீ. பிம்பம் இழப்பு. நி2 முகத்தில் 1.8 செ.மீ., 0.5 மி.மீ. இழப்பு, இடது கருவிழியில் பாதி இல்லை, ஒளிப்புள்ளி ஸ்கேனில்தான் தெரியும். காலரில் 1.3 செ.மீ., விளிம்புகள் ஏறியுள்ளன, பிம்பம் அடியில் இருக்கக்கூடும்.
>
> மங்கல்: படம் முழுவதும். கோட் 88, மூடியிருந்த ஓரத்தில் 52. நி3 உடை மடிப்புகள் மீட்கலாம். நி3 மூக்கு, வலது கன்னம்: விவரம் இல்லை, ஊகித்து வரைய வேண்டும்.
>
> கறை: வலது கீழ் மூலை, 5.5 x 4 செ.மீ., தண்ணீர்க் கறை. அடியில் பிம்பம் முழுமை.
>
> பூஞ்சை போன்ற புள்ளிகள்: உ1 கோட், 3 x 2.5 செ.மீ., 30 முதல் 40. சில எழும்பியவை, மற்றவை ஜெலட்டின் இழப்பு. உயிருள்ளதா எனத் தெரியவில்லை.

மணிக்கணக்கு இதிலிருந்து நேராக வருகிறது. ஸ்கேனும் அடிப்படை அடர்த்தித் திருத்தமும் 1.5. மங்கல், நி3 முகத்தோடு சேர்த்து, 1 முதல் 1.5. திரைச்சீலைக் கிழிசல் 0.5. நி2 முகம் 1.5 முதல் 3. காலர் 0.5. கறை 1. புள்ளிகள் 1 முதல் 1.5. மொத்தம் 7 முதல் 9.5 மணி. இடைவெளியான இரண்டரை மணியில் ஒன்றரை மணி ஒரே ஒரு கண்ணுக்கானது என்பதை வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லலாம். அது தெரிந்தால், அதே ஆளின் வேறு படத்தைத் தேடிப் பார்ப்பது அவர்களுக்கும் லாபம் என்று புரிந்துவிடும்.

குறிப்பின் அடியில் மூன்று நிபந்தனைகள் இருக்க வேண்டும். 1200 பிபிஐ ஸ்கேன் வந்தபிறகு முகத்தின் எண் இந்த வீச்சுக்குள் உறுதியாக்கப்படும். ஸ்கேனில் புதிதாக விரிசல் தெரிந்தால் வேலையைத் தொடங்குமுன் தனியாகத் தெரிவிக்கப்படும். பூஞ்சை உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் சுத்தம் செய்து கொடுத்த பிறகே ஸ்கேன் செய்யப்படும்; அந்தச் செலவு இந்த மதிப்பீட்டில் சேரவில்லை.